குலாப் ஜாமூன்: மாவில் வெடிப்பு, நடுவில் பச்சை மாவு

அஸ்தம்பட்டியில் எங்கள் எதிர்வீட்டுப் பெண் போன வாரம் ஒரு கிண்ணத்தில் நான்கு ஜாமூன் கொண்டுவந்தாள். வெளியே நல்ல நிறம், ஒரு குறையும் சொல்ல முடியாது. ஸ்பூனால் வெட்டினால் நடுவில் கொண்டைக்கடலை அளவுக்கு வெள்ளையாக ஒரு கட்டி, பாகு அதைத் தொடவே இல்லை. "தீயைக் குறைச்சுத்தான்க்கா வெச்சேன்" என்றாள். பத்து வருடத்துக்கு முன்னால் வீட்டிலிருந்தே ஆர்டர் எடுத்துச் செய்ய ஆரம்பித்தபோது நானும் இதையேதான் சொன்னேன், அதுவும் பொய்யில்லை. அதனால் பாகுக்குச் சர்க்கரை எவ்வளவு, ஏலக்காய் எப்போது என்பதையெல்லாம் விட்டுவிட்டு, கை பழகும்வரை எல்லோரும் தப்பு செய்கிற இடங்களை மட்டும் எழுதுகிறேன்.

நான் எடுக்கும் அளவு: இனிப்பில்லாத கோவா கால் கிலோ, மைதா 50 கிராம், சமையல் சோடா இரண்டு சிட்டிகை, பால் இரண்டு மூன்று ஸ்பூன். கோலிக்குண்டைவிடக் கொஞ்சம் பெரிதாக உருட்டினால் 25 வரும்.

வெடிப்பு எப்போது வந்தது என்று பார்க்காதது

உருட்டி வைத்த தட்டிலேயே கோடு தெரிந்தால் கோளாறு மாவில். உருண்டை வழுவழுப்பாக இருந்து எண்ணெயில் போட்ட பிறகு பிளந்தால் பெரும்பாலும் எண்ணெய் அதிகமாகக் காய்ந்துவிட்டது. இது தெரியாமல் எல்லாவற்றுக்கும் பாலை ஊற்றி ஊற்றிப் பிசைகிறவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

ஒட்டுகிறதே என்று மைதா தூவுவது

பிசைந்தவுடன் மாவு கையில் லேசாக ஒட்டத்தான் வேண்டும். மூடி வைத்த பத்து பதினைந்து நிமிடத்தில் மைதா அந்த ஈரத்தைக் குடித்துவிடும், பிறகு ஒட்டாது. அந்தப் பொறுமை இல்லாமல் இன்னொரு கை மைதா போட்டால் அப்போதைக்கு உருட்ட வசதியாக இருக்கும், கால் மணி நேரம் கழித்து ஒவ்வொரு உருண்டையும் கோடை வயல் மாதிரி வெடித்து நிற்கும். ஊறிய பிறகு ஒரு உருண்டை உருட்டிப் பாருங்கள். கோடு விழுந்தால் அரை ஸ்பூன் பால் தெளித்து, சேர்த்து, மறுபடியும் உருட்டிப் பாருங்கள். கையில் ஒரு சொட்டு நெய் தடவிக்கொண்டு முதலில் அழுத்தி, அப்புறம் அழுத்தாமல் உருட்டினால் மேல்தோல் கண்ணாடி மாதிரி வந்துவிடும்.

ஏற்காட்டில் இருக்கும் என் நாத்தனாருக்கு இதே அளவில் வெடித்துக்கொண்டே இருந்தது. போய்ப் பார்த்தால், மார்கழிக் குளிரில் கோவா கல்லாக இருக்கிறது, அதை அப்படியே உதிர்த்து மைதாவைக் கொட்டுகிறார். கோவாவில் இருக்கும் நெய் இறுகியிருந்தால் மாவோடு சேராது, எத்தனை பிசைந்தாலும் உள்ளே மணல் மணலாகத்தான் நிற்கும். மைதா போடும் முன் கோவாவை மட்டும் உள்ளங்கை அடியால் தட்டில் தேய்க்க வேண்டும், திரி இல்லாமல் வெண்ணெய் மாதிரி வருகிறவரை. குளிர் நாளில் அதற்கு முன்னால் கொஞ்ச நேரம் அடுப்புப் பக்கத்தில் வைத்தாலே இளகிவிடும்.

சப்பாத்திக்குப் பிசைவது போல் பிசைவது

கூடாது. மைதா சேர்ந்ததும் கையை எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் ஜாமூன் ரப்பர்.

ஃபேன்

நிறுத்துங்கள். சித்திரையில் சேலத்துக் காற்றுக்கு உருட்டிய மேல்தோல் ஐந்து நிமிடத்தில் காய்ந்துவிடும். ஈரத்துணியால் மூடுங்கள்.

இரண்டாவது ஈட்டை உடனே போடுவது

இதற்குத்தான் நான் உட்கார்ந்து எழுதுவதே. ஒரு வளைகாப்புக்கு 75 ஜாமூன் கேட்டிருந்தார்கள். முக்கால் கிலோ கோவா, ஈட்டுக்குப் பதினைந்து. முதல் ஈடு பத்து நிமிடம் எடுத்தது, அருமையாக வந்தது. அள்ளிவிட்டு அடுத்ததைப் போட்டேன், மூன்றே நிமிடத்தில் நிறம் வந்துவிட்டது. கை பழகிவிட்டது என்று நினைத்து மிச்ச ஈடுகளையும் அதே வேகத்தில் எடுத்து மொத்தத்தையும் பாகில் போட்டுவிட்டேன். அரை மணி நேரத்தில் முதல் பதினைந்து உப்பி நின்றது, மற்ற அறுபதும் தோல் சுருங்கி அமுங்கிப் போயிருந்தது. ஒன்றை வெட்டினேன், நடுவில் பச்சை மாவு. பாகில் விழுந்துவிட்டதைத் திரும்பப் பொரிக்கவும் முடியாது, சர்க்கரை கருகிவிடும். அன்றைக்கு வீணான கோவாவை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

நடந்தது என்னவென்றால், போட்ட புதிதில் குளிர்ந்த உருண்டைகள் எண்ணெயின் சூட்டை இழுத்துக்கொள்ளும். சலசலப்பு அடங்கியதும் தீயைக் கொஞ்சம் கூட்டுவோம், எல்லோரும் செய்வதுதான். ஈடு முடியும்போது உருண்டையில் ஈரம் குறைந்துவிடும், எண்ணெய் பழையபடி ஏறும், கனமான இரும்பு வாணலி அந்தச் சூட்டை விடாமல் பிடித்துக்கொள்ளும். அள்ளி எடுத்தபின் வெறும் எண்ணெய் இன்னும் காயும். அந்த நேரத்தில் அடுப்பின் குமிழைக் குறைத்து என்ன பயன்? தீ சிறியதுதான், எண்ணெயின் சூடு குறையவில்லை. எதிர்வீட்டுப் பெண் சொன்னதும் இதனால்தான் பொய்யில்லை.

கோவாவில் பால் சர்க்கரையும் பால் புரதமும் இருப்பதால் அது சீக்கிரம் சிவக்கும். சூடு நடுவுக்குப் போகவோ நேரம் எடுக்கும். எண்ணெய் அதிகம் காய்ந்திருந்தால் தோல் முதலில் இறுகிவிடும், உள்ளே சோடாவும் நீராவியும் உப்ப இடம் தேடும்போது தோல் பிளக்கும், பிளக்காவிட்டால் உள்ளே கட்டி. ஆகவே நிறத்தை வைத்து வெந்துவிட்டது என்று சொல்லாதீர்கள்.

ஒவ்வொரு ஈட்டுக்கும் முன்னால் அடுப்பை அணைத்து மூன்று நான்கு நிமிடம் விடுங்கள், அவசரமென்றால் ஒரு கரண்டி பச்சை எண்ணெய் ஊற்றுங்கள். பிறகு கடுகளவு இல்லை, கடலையளவு மாவு கிள்ளிப் போடுங்கள். அது அடியில் போய், சின்னச் சின்னக் குமிழ் விட்டு, பதினைந்து இருபது எண்ணுவதற்குள் நிறம் மாறாமல் தானாக மேலே வர வேண்டும். போட்ட உடனே மேலே வந்து சிவந்தால் காத்திருங்கள். தெர்மாமீட்டர் இருந்தால் போடும்போது 130 முதல் 140 டிகிரி செல்சியஸ். உருண்டைகளைப் போட்டதும் அவற்றைத் தொடாமல் ஜல்லிக்கரண்டியால் எண்ணெயை மட்டும் மெல்லச் சுழற்றுங்கள், மேலே வந்தபின் லேசாக உருட்டிவிடுங்கள். முதலில் வெளிறிய மஞ்சள், அப்புறம் பொன்னிறம், கடைசியில்தான் பழுப்பு. எட்டுப் பத்து நிமிடத்துக்குக் குறைந்து இந்தப் பழுப்பு வந்தால் சந்தேகப்படுங்கள்.

கேட்ட எண்ணிக்கைக்கு மேல் ஈட்டுக்கு ஒன்றைக் கூடுதலாக உருட்டிக்கொள்வேன். பாகில் போடும் முன் அதை வெட்டிப் பார்ப்பதற்கு. உள்ளே ஓரம்முதல் நடுவரை ஒரே மாதிரி துளைத்துளையாக இருந்தால் சரி. நடுவில் பசையாகப் புள்ளி தெரிந்தால் எண்ணெயை ஆறவிட்டு அந்த ஈட்டை மறுபடி போட்டு எடுக்கலாம். நிறம் காலா ஜாமூன் பக்கம் போய்விடும், ஆனால் உள்ளே வேகும்.

பயந்துபோய் எண்ணெயைக் காயவே விடாதது

கிள்ளிப் போட்ட மாவு அடியிலேயே கிடந்தால் எண்ணெய் பச்சை. உருண்டை அடியில் ஒட்டும், தட்டையாகும், எண்ணெய் குடிக்கும், சில நேரம் கரைந்தே போகும்.

பாகு

விரலில் பிசுபிசுத்தால் போதும், கம்பிப் பதம் வேண்டாம். ஜாமூனைப் போடும்போது பாகு கைபொறுக்கும் சூட்டைவிடச் சற்று அதிகமாக இருக்கட்டும், அடுப்பு அணைந்திருக்கட்டும்.