தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வரும் பெண்களே, Mrs போடாதீர்கள்

விசா, வாடகை வீடு, வங்கிக் கணக்கு என்ற வரிசை உங்களுக்குத் தெரிந்ததுதான். அந்தப் படிவங்களில் முதலில் வரும் Mr, Mrs, Ms கட்டத்தில்தான் நான் மூன்று வாரச் சம்பளத்தைச் சிக்கவைத்தேன்.

என் கடவுச்சீட்டில் குடும்பப்பெயருக்கான இடத்தில் அப்பா பெயர், முருகேசன். கணவரின் கடவுச்சீட்டில் அதே இடத்தில் அவருடைய அப்பா பெயர், அருணாசலம். நமக்கு இது இயல்பு. ஆனால் 1860 முதல் இந்தியாவிலிருந்து கரும்புத் தோட்டங்களுக்கு வந்தவர்களின் வம்சாவளியினர் இங்கே நாயுடு, பிள்ளை, கோவெண்டர் என்று தலைமுறை தலைமுறையாக மாறாத குடும்பப்பெயரோடு வாழ்கிறார்கள். Mrs என்றால் அவர்களுக்குக் கணவர் குடும்பப்பெயரை ஏற்றவள் என்று பொருள்.

வீட்டுத் தரகர் "மிஸஸா?" என்று கேட்டார். மணமானவள்தானே, ஆம் என்றேன். ஒப்பந்தத்தில் என்னை Mrs அருணாசலம் என்று எழுதிவிட்டார். மாமனார் பெயரில் நான்! வங்கி, மூன்று மாதத்துக்கு உட்பட்ட முகவரிச் சான்று கேட்டது. ஒப்பந்தத்தில் ஒரு பெயர், கடவுச்சீட்டில் வேறு பெயர் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். கணக்கு இல்லாததால் சம்பளமும் வரவில்லை. கடைசியில் காவல் நிலையத்தில், இருவரும் ஒருவரே என்று உறுதிமொழிப் பத்திரம் எழுதி முத்திரை வாங்கினேன். அதற்குக் கட்டணம் இல்லை. தரகர் ஒப்பந்தத்தைத் திருத்தித் தந்த பிறகே கணக்குத் திறந்தது.

ஆகவே Ms எழுதுங்கள். மணமானவரா இல்லையா என்று அது சொல்வதில்லை. உங்கள் சொந்தப் பெயரோடு நிற்கும். வாயால் சொல்லும்போதுதான் கவனம் வேண்டும். நம் காதில் Miss, Ms இரண்டும் ஊர்ப் பள்ளிக்கூடத்து "மிஸ்" போலவே விழும். எம், எஸ் என்று எழுத்தெழுத்தாகச் சொல்லி, எழுதிய தாளைக் கையெழுத்திடும் முன் படித்துவிடுங்கள்.

Prof பற்றியும் சொல்ல வேண்டும். ஊரில் கல்லூரியில் பாடம் நடத்துபவர் எல்லோரும் நமக்குப் பேராசிரியர். இங்கே அது பல்கலைக்கழகம் தரும் பதவி. விரிவுரையாளராக வேலை பார்த்தவர் அதைப் போட்டால், நேர்காணலில் எங்கே, எப்போது பதவி உயர்வு பெற்றீர்கள் என்று கேட்பார்கள். முனைவர் பட்டம் இருந்தால் Dr போதும்.

Hon நம் மாண்புமிகு போன்றது. பிறர் அமைச்சரையோ நாடாளுமன்ற உறுப்பினரையோ அப்படி அழைப்பார்கள். தமிழ்ச் சங்கத் தலைவருக்கு வேண்டாம். Esq பழைய கடித வழக்கம்: ஆணின் முழுப்பெயருக்குப் பின்னால் வரும், முன்னால் Mr சேராது. வழக்கறிஞருக்கு எழுதும்போது, அவர் நீதிமன்றத்தில் வாதிடும் அட்வகேட் என்றால், பெயருக்கு முன் Adv போடுங்கள்.

அடுத்த மாதம் என் நாத்தனார் வருகிறாள். அவளுடைய படிவங்களை நானே நிரப்பி வைத்திருக்கிறேன், எல்லாவற்றிலும் Ms, அவளுடைய அப்பா பெயரோடு. வீட்டுக்குள் வந்ததும் அவள் "அண்ணி" என்று கூப்பிடுவாள். அந்த ஒரு சொல்லைக் கேட்டு எத்தனை நாளாகிறது.