திரை முழுக்க ரோஸ் நிறமா? விஜிஏ கேபிளின் இரண்டாவது பின்னைப் பாருங்கள்

திடீரென்று என் மானிட்டரில் வெள்ளையெல்லாம் ரோஸாகிவிட்டது. பட்டனை அழுத்தி மானிட்டரின் சொந்த மெனுவைத் திறந்தால் அதில் எழுத்து பளிச்சென்று வெள்ளை, ஆக பேனலில் கோளாறில்லை. கலர் செட்டிங்கை ரீசெட் செய்தும் மாறவில்லை. விஜிஏ கேபிளை லேசாக அசைத்தபோது நிறம் ஒரு நொடி சரியாகி மறுபடி ரோஸானது, அப்புறம் என்ன சந்தேகம்!

அணைத்துவிட்டுக் கழற்றினேன். அகலமான பக்கத்தை மேலே வைத்து முனையை நேராகப் பார்த்தால் மேல்வரிசையில் இடமிருந்து முதல் மூன்று பின்கள் சிவப்பு, பச்சை, நீலம். இரண்டாவதாக இருக்கும் பச்சைப் பின் சாய்ந்து கிடந்தது; பச்சை வராவிட்டால் மிஞ்சுவது சிவப்பும் நீலமும்தானே, அதுதான் ரோஸ். லெட் இல்லாத மெக்கானிக்கல் பென்சில் முனையைப் பின்மேல் செருகி மெல்ல நிமிர்த்தினேன். முன்னும் பின்னும் வளைத்தால் ஒடிந்துவிடும். இரண்டு பக்கத் திருகையும் கையாலேயே இறுக்கினேன். ஒன்பதாவது பின் பல கேபிள்களில் இருக்காது, அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.