கைபேசி தொலையும் முன் இரண்டாவது பாஸ்கீ

உங்கள் முதன்மை மின்னஞ்சல் கணக்குக்கு இன்றே இரண்டாவது பாஸ்கீ ஒன்றை, கைபேசியில் அல்லாமல், மடிக்கணினியிலோ யுஎஸ்பி துளையில் செருகும் பாதுகாப்புச் சாவியிலோ உருவாக்கி வையுங்கள்.

பாஸ்கீ என்பது கடவுச்சொல்லுக்குப் பதிலாகக் கணக்கில் நுழைய உதவும் ஜோடிச் சாவி. பொதுச் சாவி இணையதளத்திடமும், ரகசியச் சாவி உங்களிடமும் இருக்கும். விரல்ரேகை அந்த ரகசியச் சாவியைத் திறக்க மட்டுமே, அது தளத்துக்குப் போவதில்லை. ஐபோனிலும் ஆண்ட்ராய்டிலும் ரகசியச் சாவி பெரும்பாலும் ஐகிளவுட் கீசெயினிலோ கூகுள் பாஸ்வேர்டு மேனேஜரிலோ மறையாக்கப்பட்டு இணையத்தில் சேமிக்கப்படுவதால், கைபேசி தொலைந்தாலும் பாஸ்கீ அழிவதில்லை. சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. புதிய ஆண்ட்ராய்டு கைபேசியில் பாஸ்கீகளை மீட்க முதலில் அவை சேமிக்கப்பட்ட கூகுள் கணக்கில் நுழைய வேண்டும். அதற்கான பாஸ்கீயும், குறுஞ்செய்தி வரும் சிம்மும் தொலைந்த கைபேசியில்தானே இருக்கின்றன! மடிக்கணினியில் உள்ள இரண்டாவது பாஸ்கீ இந்தச் சுழலை உடைக்கிறது. உள்ளே நுழைந்ததும், பழைய கைபேசியின் திரைப்பூட்டு எண்ணையோ பாஸ்வேர்டு மேனேஜரின் பின் (PIN) எண்ணையோ கூகுள் கேட்கும். விரல்ரேகையையே நம்பி அந்த எண்ணை மறந்துவிடுகிறவர்கள் இங்கேதான் தவிக்கிறார்கள்.

கைபேசியை எடுத்தவருக்குத் திரைப்பூட்டு எண்ணும் தெரிந்திருந்தால் இரண்டாவது பாஸ்கீ மட்டும் போதாது: மடிக்கணினியிலிருந்து கைபேசியைக் கணக்கிலிருந்து வெளியேற்றி, ஒவ்வொரு தளத்தின் பாதுகாப்பு அமைப்புகளிலும் பழைய பாஸ்கீயை நீக்குங்கள். யுஎஸ்பி சாவியில் உள்ள பாஸ்கீக்கு நகல் கிடையாது. அதைத் தொலைத்தால் மீட்க முடியாது.