கூற்று, காரணம்: இரண்டும் சரியென்றால் உடனே 'அ' போடாதீர்கள்

பாலக்கோட்டில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மாலை நேரத்தில் அறிவியல் எடுக்கிறேன். ஒவ்வொரு அரையாண்டுக்கும் கூற்று–காரணம் பகுதியைத் திருத்தும்போது பழைய மாணவர்கள் விழுந்த அதே குழியில் புதியவர்களும் விழுகிறார்கள். கேள்வியைப் பாதி படிப்பது, விடையை மாற்றிக் குறிப்பது போன்ற கவனக்குறைவுகளை இங்கே சொல்லப் போவதில்லை. நன்றாகப் படிக்கிற பிள்ளையும் மதிப்பெண் விடுகிற இடத்தைச் சொல்கிறேன்.

வழக்கமான நான்கு விடைகள் தெரிந்தவைதான். அ: இரண்டும் சரி, காரணம் கூற்றை விளக்குகிறது. ஆ: இரண்டும் சரி, ஆனால் விளக்கவில்லை. இ: கூற்று சரி, காரணம் தவறு. ஈ: கூற்று தவறு, காரணம் சரி.

இரண்டையும் சேர்த்துப் படிப்பது

காரணத்தைக் கையால் மூடிக்கொண்டு கூற்றை மட்டும் படியுங்கள். சரியா, தவறா என்று ஓரத்தில் குறியுங்கள். அப்புறம் கூற்றை மூடிவிட்டுக் காரணத்தைப் படியுங்கள். சேர்த்துப் படித்தால் ஒன்றின் உண்மை மற்றதன் மேல் ஏறிக்கொள்ளும்.

கூற்று: எல்லாச் சிரைகளும் ஆக்சிஜன் குறைந்த இரத்தத்தையே கொண்டு செல்கின்றன. காரணம்: சிரைகள் இரத்தத்தை இதயத்துக்குக் கொண்டு வருகின்றன. காரணம் நூற்றுக்கு நூறு உண்மை. அந்த வேகத்தில் கூற்றையும் சரியென்று விட்டுவிடுவார்கள். நுரையீரல் சிரை ஆக்சிஜன் நிறைந்த இரத்தத்தைக் கொண்டு வருகிறது என்பது அந்தப் பிள்ளைக்கே தெரியும். தனியாகக் கேட்டால் சொல்லும். கூற்று தவறு, விடை ஈ.

இரண்டும் உண்மை என்றதும் 'அ' போடுவது

இதுதான் என்னை இன்றுவரை எரிச்சலூட்டுகிற தவறு. பாடம் தெரியாததால் வருவதல்ல. இரண்டு வரியும் உண்மை, இரண்டும் ஒரே பொருளைப் பற்றியவை, அதனால் ஒன்று மற்றதை விளக்குகிறது என்று முடிவுகட்டி விடுகிறார்கள். கேள்வியின் பாதி மதிப்பே அந்த மூன்றாவது படியில்தான் இருக்கிறது. அதைத் தாண்டிக் குதித்துவிட்டால் படித்த பாடமெல்லாம் வீண்.

இரண்டும் சரியென்று தெரிந்த பிறகு இரண்டு கேள்விகள் கேளுங்கள். காரணத்தில் சொன்னது இல்லாவிட்டால் கூற்று நின்றுபோகுமா? காரணத்தில் சொன்னது இருந்தும் கூற்று நடக்காத இடம் உண்டா?

கூற்று: பிரஷர் குக்கரில் பருப்பு சீக்கிரம் வேகிறது. காரணம்: அலுமினியம் வெப்பத்தை நன்றாகக் கடத்தும். இரண்டும் உண்மை. முதல் கேள்வி: அலுமினியம் இல்லாத எவர்சில்வர் குக்கரில் என்ன ஆகும்? அதிலும் சீக்கிரம்தான் வேகும். இரண்டாவது: மூடியில்லாத அலுமினியச் சட்டியில் போட்டால்? அவ்வளவு சீக்கிரம் வேகாது. இரண்டு பக்கமும் உடைந்துவிட்டது. விடை ஆ.

இப்போது காரணத்தை மாற்றுங்கள்: அழுத்தம் கூடினால் நீரின் கொதிநிலை உயரும். அழுத்தம் கூடாவிட்டால் தண்ணீர் 100 டிகிரி செல்சியஸிலேயே கொதித்து அதற்கு மேல் சூடேறாது. குக்கருக்குள் அழுத்தம் கூடுவதால் ஏறத்தாழ 120 டிகிரி வரை போகிறது. அந்தக் கூடுதல் சூட்டில் பருப்பு சீக்கிரம் வேகிறது. காரணத்திலிருந்து கூற்று வரை இடையில் அறுபடாமல் வந்துவிட்டோம். விடை அ.

அடுத்தது இன்னும் நுட்பமானது. கூற்று: வைரம் மின்சாரத்தைக் கடத்தாது. காரணம்: வைரம் மிகக் கடினமானது. நிறையப் பேர் இதில் மாட்டுவார்கள். ஏனென்றால் இரண்டுக்கும் உள்ளே தொடர்பு இருக்கத்தான் செய்கிறது. ஒவ்வொரு கார்பன் அணுவும் தன் நான்கு இணைதிறன் எலக்ட்ரான்களையும் நான்கு சகப்பிணைப்புகளில் கட்டி வைத்துவிடுகிறது. மின்சாரம் கடத்தத் தனி எலக்ட்ரான் மிச்சமில்லை, அதனால் கடத்தாது. எல்லாத் திசையிலும் பின்னிய அதே பிணைப்பால்தான் கடினமாகவும் இருக்கிறது. இரண்டும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள். ஒருவர் இன்னொருவருக்குத் தாயாக முடியாது. கேள்விகளை வைத்துப் பாருங்கள். மெழுகு மென்மையானது, ஆனாலும் கடத்தாது. டங்ஸ்டன் கார்பைடு மிகக் கடினம், ஆனால் கடத்தும். விடை ஆ.

இந்தச் சோதனையே ஏமாற்றுகிற இடமும் உண்டு. நம் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பிள்ளைகள்தான் அதில் முதலில் மாட்டுவார்கள். பல ஊர்களில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் ஃபுளூரைடு அதிகம் என்பதும், ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் அதற்காகவே வந்தது என்பதும் அவர்களுக்கு வீட்டுச் செய்தி.

கூற்று: ஃபுளூரைடு அதிகமுள்ள நீரைக் குடித்து வளரும் குழந்தைகளின் பற்களில் கறை படிகிறது. காரணம்: நீரைக் கொதிக்க வைத்தால் ஃபுளூரைடு நீங்காது.

இரண்டும் உண்மை. கொதிக்க வைத்தால் தண்ணீர் ஆவியாகி, மீதியில் ஃபுளூரைடின் செறிவு கூடத்தான் செய்யும். வகுப்பில் ஒரு மாணவி எழுந்து, "சார், காய்ச்சினா போயிடும்னா யாருக்கும் கறையே வராதுல்ல? அப்போ அதுதானே காரணம்?" என்று கேட்டாள். என் சோதனையையே எடுத்து என்னிடம் நீட்டினாள். நல்ல கேள்வி.

பதில் கூற்றுக்குள்ளேயே இருக்கிறது. "ஃபுளூரைடு அதிகமுள்ள நீரைக் குடித்து" என்று அது சொல்லிவிட்டது. அதாவது ஃபுளூரைடு ஏற்கெனவே வாய்க்குள் போய்விட்டது. காய்ச்சினார்களா, இல்லையா என்பது அதற்கு முந்தைய கதை. நீங்கள் காரணத்தை மட்டும்தான் மாற்றிப் பார்க்கலாம், கூற்றில் சொன்ன நிலையை மாற்றக் கூடாது. காய்ச்சினால் நீங்கும் என்றே வைத்துக்கொண்டாலும், அதிக ஃபுளூரைடுள்ள நீரைக் குடித்த குழந்தைக்குக் கறை வரத்தான் செய்யும். விடை ஆ.

சரியான காரணம் எப்படி இருக்கும்? ஈறுக்குள் பல் உருவாகிக்கொண்டிருக்கும் வயதில், அதிகப்படியான ஃபுளூரைடு எனாமலில் கனிமங்கள் சரியாகப் படிவதைக் கெடுக்கிறது. வளர்ந்த பிறகு இந்த ஊருக்குக் குடிவந்தவரின் பல்லில் இந்தக் கறை வராததும் இதனால்தான். எனாமல் அதற்கு முன்பே உருவாகி முடிந்துவிட்டது. இந்தக் காரணம் இருந்தால் விடை அ.

காரணத்தைக் கொஞ்சம் திருப்பி, "குடிநீரில் ஃபுளூரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது" என்று கொடுத்தாலும் ஆ தான். அந்த வரம்பு உண்மையானதே. ஆனால் கெடுதல் வருவதால் வரம்பு வைத்தார்கள், வரம்பு வைத்ததால் கெடுதல் வரவில்லை. விளைவைக் காரணத்தின் இடத்தில் உட்கார வைக்கும் கேள்விகள் இந்த வகை.

'எல்லா', 'மட்டுமே', 'எப்போதும்'

அடிக்கோடிடுங்கள். ஒரே ஒரு விதிவிலக்கு போதும்.

கூற்று தவறு என்றால்

விளக்குகிறதா என்ற ஆராய்ச்சி வேண்டாம். காரணம் தனியாக உண்மையா என்று மட்டும் பார்த்துவிட்டு நகருங்கள்.

விடைகளின் வரிசை

எல்லாத் தாளிலும் ஒன்றாக இருக்காது. சிலவற்றில் 'இரண்டும் தவறு' என்பதும் இருக்கும். முதலில் முடிவை ஓரத்தில் சொற்களாக எழுதிவிட்டு, அதற்குரிய எழுத்தை அந்தத் தாளிலேயே தேடுங்கள்.