கர்ப்பிணி இருக்கும் வீட்டுக்கு மளிகைச் சீட்டு போடுவது எப்படி?

தங்கைக்கு ஐந்தாம் மாதம் ரத்தப் பரிசோதனை செய்தபோது ஹீமோகுளோபின் 9.8 என்று வந்தது. கர்ப்பிணிக்கு 11-க்குக் கீழே போனாலே ரத்தசோகைதான். இரும்புச்சத்து மாத்திரையை ஒருநாள்கூட விடாமல்தான் போட்டிருக்கிறாள், ஆனால் இட்லி சாப்பிட்ட கையோடு மாத்திரை, அதன்மேல் ஒரு டம்ளர் ஃபில்டர் காபி. காபியிலும் டீயிலும் இருக்கும் துவர்ப்புப் பொருள் இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும், உடம்பில் சேர விடாது. அன்றைக்கு அவளுக்காக எழுதிய சீட்டுதான் இது.

முதலில் காபித்தூள். இருக்கட்டும், ஆனால் சின்ன பாக்கெட்டாக வாங்குங்கள். ஒரு நாளைக்கு காஃபீன் 200 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். 150 மில்லி ஃபில்டர் காபியில் 80 முதல் 120 வரை இருக்கும், அதனால் திக்காக இரண்டு குடித்தால் கணக்கு முடிந்துவிடும். டீயிலும் கோலாவிலும் காஃபீன் உண்டு, அதையும் சேர்த்து எண்ணுங்கள். சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் காபி, டீ வேண்டாம். எனர்ஜி டிரிங்க் வாங்கவே வேண்டாம்.

அடுத்து பயறு. கறுப்புக் கொண்டைக்கடலை, பச்சைப்பயறு, தட்டைப்பயறு மூன்றிலும் அரை கிலோ போதும், தீரத் தீர வாங்கலாம். இரவு ஊறவைத்து, முடிந்தால் முளைகட்டி வேகவையுங்கள், அப்போதுதான் அதிலுள்ள இரும்பு கொஞ்சம் எளிதாகச் சேரும். முளைப்பயறைப் பச்சையாக மட்டும் சாப்பிட வேண்டாம், முளைக்கும் அந்த ஈரச்சூட்டில் கிருமியும் சேர்ந்தே வளரும். சுண்டலை இறக்கியதும் எலுமிச்சை பிழியுங்கள், பயறின் இரும்பு சேர வைட்டமின் சி வேண்டும். நிலக்கடலை வாங்கும்போது சுருங்கியது, பூஞ்சை பிடித்தது, கசப்பது எல்லாவற்றையும் கண்ணை மூடிக்கொண்டு தூக்கிப் போடுங்கள், வறுத்தாலும் அந்த நஞ்சு முழுசாகப் போகாது.

உப்பு. இந்துப்பு நல்லது என்று பலர் மாறிவிட்டார்கள். குழந்தையின் மூளை வளர அயோடின் தேவை, சாதாரண இந்துப்பில் அது போதுமான அளவு இருக்காது. பாக்கெட்டில் அயோடின் சேர்த்தது என்று போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்கி, மூடி போட்ட டப்பாவில் அடுப்பிலிருந்து தள்ளி வையுங்கள்.

வாங்கக் கூடாதவை. மது ஒரு சொட்டும் வேண்டாம். காய்ச்சாத பால், அரைவேக்காட்டு முட்டை வேண்டாம். சுறா வேண்டாம், அதில் பாதரசம் அதிகம், பதிலாக நெத்திலியும் மத்தியும் வாங்குங்கள். ஈரலில் இரும்பு இருக்கிறதுதான், ஆனால் வைட்டமின் ஏ மிக அதிகம், அது குழந்தைக்கு ஆகாது. பப்பாளிக்காய் வேண்டாம். நாட்டுமருந்துக் கடைச் சூரணம், லேகியம் எதுவானாலும் டாக்டரிடம் காட்டாமல் உள்ளே வரக் கூடாது.

அப்புறம் மாத்திரை டப்பா. தங்கை வீட்டில் அதைக் காபி ஃபில்டர் பக்கத்திலிருந்து எடுத்து எலுமிச்சைக் கூடைக்குப் பக்கத்தில் வைத்தோம். இப்போது பதினொரு மணிக்கு எலுமிச்சைச் சாறோடு இரும்பு மாத்திரை, கால்சியம் மாத்திரை ராத்திரி சாப்பாட்டோடு தனியாக.