வாக்கியங்களைக் கலைத்துப் போட்டு வரிசைப்படுத்தச் சொல்லும் வினா: விடை ஒன்றே ஒன்றாக இருக்கத் தயாரிப்பது எப்படி?

எட்டாம் வகுப்புத் தமிழ்த் தேர்வுக்கு முதன்முறை இப்படி ஒரு வினா வைத்தபோது பனைமரத்தைப் பற்றி ஐந்து வாக்கியம் எழுதினேன். ஓலை கூரை வேய உதவும், பதநீரைக் காய்ச்சினால் கருப்பட்டி கிடைக்கும், நுங்கு வெயிலுக்கு நல்லது, நாரில் கட்டில் பின்னலாம் என்று போனது பத்தி. கலைத்துப் போட்டு, விடைக்குறிப்பும் எழுதி வைத்தேன். தாள் கொடுத்த அன்று ஒரு மாணவி வந்து நின்றாள். “ஐயா, நுங்கைச் சொல்லிட்டு ஓலையைச் சொன்னா என்ன தப்பு?”

ஒரு தப்பும் இல்லை. அந்தப் பத்தியில் முதல் வாக்கியத்தைத் தவிர மற்ற நான்கையும் எப்படி மாற்றிப் போட்டாலும் பொருள் கெடாது. 24 வரிசையும் சரிதான். நான் ஒரு பட்டியலைப் பத்தி என்று நினைத்து வினா ஆக்கியிருந்தேன். அன்று எல்லோருக்கும் முழு மதிப்பெண் போட வேண்டியதாயிற்று.

அதற்குப் பிறகு நான் கைக்கொள்ளும் முறை இது.

1. பத்தியை நீங்களே எழுதுங்கள்

பாடநூலில் இருந்து எடுத்தால் நினைவாற்றலைத்தான் சோதிப்பீர்கள். சமையல் குறிப்பும் வேண்டாம். அரிசியை ஊறவைத்த பிறகுதான் அரைப்பார்கள் என்பது வாக்கியத்தைப் படிக்காமலே தெரியும். அளவு ஆறு வாக்கியம் போதும். முதல் வாக்கியத்தைத் தாளிலேயே கொடுத்துவிடுங்கள், மீதி ஐந்தைக் கலையுங்கள். முதலடி பிடிபடாமல் வினா முழுவதையும் விட்டுவிடும் பிள்ளைகள் இதனால் எழுதத் தொடங்குவார்கள்.

2. ஒவ்வொரு வாக்கியத்திலும் முந்தையதைப் பிடிக்கும் முடிச்சு போடுங்கள்

நான் தடுக்கி விழுந்தது இந்த இடத்தில்தான். கலைக்கும் முன் நான் எழுதிய ஒரு பத்தி:

தூக்கணாங்குருவிகளில் கூடு பின்னுவது ஆண் குருவிதான். புல்லையும் ஓலையையும் நார் நாராகக் கிழித்து வந்து, மரத்திலிருந்து தொங்கும்படி பின்னத் தொடங்கும். பாதிக் கூடு உருவானதும் பெண் குருவி வந்து பார்வையிடும். அதற்குப் பிடித்துவிட்டால், நீண்ட குழாய் போன்ற வாசலையும் வைத்து ஆண் குருவி வேலையை முடிக்கும். இல்லையென்றால், அதை அப்படியே விட்டுவிட்டு வேறொரு கூட்டைத் தொடங்கும். பனைமரங்களில் அரைகுறையாகத் தொங்கும் கூடுகள் பல இப்படிக் கைவிடப்பட்டவைதான்.

இரண்டாம் வாக்கியத்தில் எழுவாயே இல்லை, கவனியுங்கள். தமிழில் எழுவாயை விட்டுவிட்டால் வாக்கியம் தானாக முந்தைய ஆளைத் தேடும். அதனால் அது ஆண் குருவியைச் சொன்ன வாக்கியத்தை ஒட்டிக்கொள்கிறது. நான்காம் வாக்கியத்தின் ‘அதற்கு’ பெண் குருவியைத் தேடுகிறது. கடைசி வாக்கியத்தின் ‘இப்படி’க்குக் கைவிட்ட கதை முன்னால் வந்திருக்க வேண்டும்.

முடிச்சு இருக்கட்டும், ஆனால் கூச்சல் போடக் கூடாது. முதலில், பிறகு, இறுதியாக என்று வாக்கியங்களைத் தொடங்கினால் மாணவர் அந்த ஒற்றைச் சொல்லை மட்டும் பார்த்து அடுக்கிவிடுவார். நான் இந்த மூன்று சொல்லையும் வினாவில் அனுமதிப்பதே இல்லை. சுட்டுச்சொல், விட்டுப்போன எழுவாய், ‘உருவானதும்’ போன்ற எச்சம் ஆகியவைதான் நல்ல முடிச்சுகள். அவற்றைப் பிடிக்கப் பொருள் புரிந்து படித்தாக வேண்டும்.

3. பக்கத்துப் பக்கத்து வாக்கியங்களை இடம் மாற்றிப் படியுங்கள்

இரண்டையும் மூன்றையும் மாற்றி, பிறகு மூன்றையும் நான்கையும் மாற்றி, கடைசி வரை இப்படியே வாய்விட்டுப் படியுங்கள். மாற்றிய பிறகும் இடறாமல் ஓடினால் அந்த இடத்தில் முடிச்சு அவிழ்ந்திருக்கிறது என்று அர்த்தம்.

மேலே உள்ள பத்தியின் முதல் வடிவத்தில் ஐந்தாம் வாக்கியம் “பிடிக்காவிட்டால், அதை அப்படியே…” என்று இருந்தது. எனக்குச் சரியாகத்தான் பட்டது. நான்கையும் ஐந்தையும் மாற்றிப் படித்தபோது, “பெண் குருவி வந்து பார்வையிடும். பிடிக்காவிட்டால்…” என்று அதுவும் அழகாக ஓடியது. ‘பிடிக்காவிட்டால்’ என்பதை ‘இல்லையென்றால்’ என்று மாற்றினேன். இல்லையென்றால் என்ற சொல்லுக்கு முன்னால் ‘ஆம் என்றால்’ ஒன்று நின்றே ஆக வேண்டும். ஒரே சொல்லில் வேலை முடிந்தது.

இதன் பிறகும் உங்களை நம்பாதீர்கள். எழுதியவர் கண்ணுக்குச் சரியான வரிசை மட்டும்தான் தெரியும். விடைக்குறிப்பைக் காட்டாமல் ஆசிரியர் அறையில் இரண்டு பேரிடம் கொடுத்து அடுக்கச் சொல்லுங்கள். அதில் ஒருவர் கணக்கு ஆசிரியராக இருந்தால் இன்னும் நல்லது, வாதாடுவார்.

4. கலைத்தல்

ஸ்ப்ரெட்ஷீட்டில் பக்கத்து நிரலில் இதை இட்டு, அதன்படி வரிசைப்படுத்துபவர்கள் உண்டு:

```
=RAND()
```

எனக்குத் துண்டுச்சீட்டும் ஒரு டப்பாவும்தான் பிடிக்கும். குலுக்கி எடுக்கலாம், மேசையில் நகர்த்தி மேலே சொன்ன இடமாற்றச் சோதனையையும் செய்யலாம். எந்த வழியானாலும், சரியான ஜோடி ஏதாவது கலைத்த பிறகும் ஒட்டியபடியே இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் மறுபடி குலுக்குங்கள். எனக்கு வந்த வரிசை இது:

அ. அதற்குப் பிடித்துவிட்டால்…
ஆ. பனைமரங்களில் அரைகுறையாக…
இ. புல்லையும் ஓலையையும்…
ஈ. இல்லையென்றால்…
உ. பாதிக் கூடு உருவானதும்…

விடை: இ, உ, அ, ஈ, ஆ.

நான்கு விடைகளைக் கொடுத்துத் தேர்ந்தெடுக்கச் சொல்வது எனக்கு உடன்பாடில்லை. கடைசி வாக்கியம் எது என்று தெரிந்தாலே பாதி விடைகளைக் கழித்துவிடலாம். மேலாண்மைப் படிப்புக்கான கேட் நுழைவுத் தேர்வில்கூட இவ்வகை வினாவுக்குத் தெரிவுகள் தராமல் வரிசையை நேரடியாகத் தட்டச்சு செய்ய வைத்திருக்கிறார்கள்.

5. மதிப்பெண்

எந்த இடத்தில் எந்த எழுத்து என்று பார்த்து மதிப்பெண் போடாதீர்கள். ஒரு மாணவர் “உ, அ, ஈ, ஆ, இ” என்று எழுதினார் என்று வையுங்கள். இடத்தைப் பார்த்தால் ஒன்றுகூடச் சரியில்லை, பூஜ்யம். ஆனால் அவர் தவறவிட்டது இ ஒன்றைத்தான், மற்ற நான்கும் சரியான தொடர்ச்சியில் இருக்கின்றன. ஜோடிகளை எண்ணுங்கள். கொடுத்த முதல் வாக்கியத்தையும் சேர்த்தால் மொத்தம் ஐந்து ஜோடி, ஜோடிக்கு ஒரு மதிப்பெண். உ-அ, அ-ஈ, ஈ-ஆ மூன்றும் சரி என்பதால் அவருக்கு 5க்கு 3.

பின்சேர்க்கை: ஜோடி முறையில் ஓர் ஓட்டை இருப்பதை ஒரு வாசகர் காட்டினார். ஒரே எழுத்தை இரண்டு முறை எழுதி ஜோடி சேர்க்கும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அதனால் வினாவிலேயே “ஒவ்வோர் எழுத்தையும் ஒரு முறை மட்டும் எழுதுக” என்று சேர்த்துவிட்டேன்.

இன்னொன்று: சரியான விடையை எழுதியும் காரணம் தெரியாதவர்கள் இருப்பார்களே என்று இன்னொருவர் கேட்டிருந்தார். இருப்பார்கள். இப்போதெல்லாம் வினாவின் கீழே ஒரு வரி விடுகிறேன்: “‘ஈ’ வாக்கியம் ஏன் ‘அ’வுக்கு முன் வராது?” ‘இல்லையென்றால்’ என்ற சொல்லைச் சுட்டிக் காட்டினால் ஒரு மதிப்பெண். “அப்படித்தான் கதை நல்லா இருக்கு” என்று எழுதியவருக்குப் போடவில்லை.