ஆறு வருடம் பேசாத பழைய மேலாளரிடம் போன் நேரம் கேட்பது எப்படி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கப்பலூர் தொழிற்பேட்டையில் ஒரு ரப்பர் உதிரிபாகக் கம்பெனி. அங்கே தரப் பிரிவில் இருப்பவரை முருகன் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய பழைய புரொடக்‌ஷன் மேனேஜர் 2019-இல் சென்னைப் பக்கம் ஒரகடத்துக்குப் போய்விட்டார். இப்போது சப்ளையர் குவாலிட்டி, அதாவது உதிரிபாகம் கொடுக்கும் கம்பெனிகளின் தரத்தைக் கவனிக்கும் வேலை, பார்க்கிறார். முருகனுக்கும் அந்த வேலைக்கு மாறும் எண்ணம் உண்டு. கால் மணி நேரம் பேசினால் தெளிவு கிடைக்கும். ஆனால் நடுவில் ஆறு வருடம் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை.

இந்த இடத்தில் பெரும்பாலானவர்கள் செய்வது, போனில் கிடக்கும் பழைய நம்பருக்கு நேரே அடிப்பது. அந்த நம்பர் இன்னும் அவரிடம்தான் இருக்கிறதா என்பதே சந்தேகம். நம் நாட்டில் இணைப்புத் துண்டிக்கப்பட்ட மொபைல் எண்ணை 90 நாள் கழிந்ததும் வேறொருவருக்குக் கொடுக்கலாம். நம்பர் மாறாவிட்டாலும், அவர் போனை மாற்றியபோது உங்கள் பெயர் அழிந்திருக்கலாம். பெயரில்லாத எண்ணிலிருந்து பகல் 11 மணிக்கு அழைப்பு வந்தால், லோன் விற்கிறவர் என்று நினைத்து விட்டுவிடுவார். இரண்டு தடவை அடித்துவிட்டு "கூப்பிட்டேன், எடுக்கலையே" என்று மெசேஜ் போட்டால், அறிமுகம் ஆகும் முன்பே குறை சொன்னதாகிவிடும்.

எனவே முதலில் நம்பரை உறுதி செய்யுங்கள். அவரோடு இப்போதும் பேசுகிற பழைய சகா ஒருவரிடம், "அண்ணன்கிட்ட கேட்டுட்டு நம்பர் கொடு" என்று சொல்வதே சரி. கேட்காமல் வாங்கினால், "உனக்கு யாருப்பா நம்பர் கொடுத்தது?" என்பதில்தான் பேச்சு தொடங்கும். ஆள் கிடைக்காவிட்டால் லிங்க்ட்இன் பக்கம் இருக்கிறது. ஆனால் ஆலையில் இருப்பவர்கள் பலர் அதை மாதத்துக்கு ஒரு தடவைதான் திறப்பார்கள். அங்கே பதில் தாமதமானால் கணக்கில் எடுக்க வேண்டாம்.

அடுத்தது முதல் மெசேஜ். காரியம் கெடுவது பெரும்பாலும் இங்கேதான்.

"ஹாய் அண்ணே, எப்படி இருக்கீங்க?" என்று மட்டும் அனுப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பவர்கள் அதிகம். அவருக்குத் தெரிவது ஒரு எண்ணும் ஒரு நல விசாரிப்பும்தான். யார், எதற்கு என்று அவரே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். வேலை நடுவில் அதற்கு யாரும் மெனக்கெட மாட்டார்கள். "யாருன்னு கண்டுபிடிங்க பாப்போம்", "எங்களையெல்லாம் மறந்துட்டீங்கள்ல" என்பவை இன்னும் மோசம். நெருங்கிய நண்பனிடம் அது கிண்டல், மேலாளராக இருந்தவரிடம் குற்றச்சாட்டு. பொங்கல் வாழ்த்துப் படம் அனுப்பி, அவர் கை கூப்பியதும் மறுநிமிடமே உதவி கேட்பதையும் விட்டுவிடுங்கள். வாழ்த்து எதற்காக வந்தது என்று அப்போதே புரிந்துவிடும்.

இதற்கு நேர் எதிராக, நாலு பத்தியில் மன்னிப்புக் கேட்பவர்களும் உண்டு. கல்யாணம், அப்பாவுக்கு உடம்பு சரியில்லாதது, கொரோனா என்று பேசாமல் போன காரணங்களையெல்லாம் அடுக்கினால், படிப்பவர் ஆறுதல் சொல்ல வேண்டிய நிலைக்கு வந்துவிடுகிறார். அவரும் இந்த ஆறு வருடம் உங்களை அழைக்கவில்லை. இடைவெளிக்கு ஒரு வரி போதும்.

முருகன் அனுப்ப வேண்டியது ஏறத்தாழ இப்படி இருக்கலாம்:

"அண்ணே வணக்கம். நான் முருகன், கப்பலூர்ல 2016லேர்ந்து நீங்க கிளம்புற வரைக்கும் உங்க லைன்ல குவாலிட்டி பார்த்தவன். ஆயில் சீல்ல ரிஜெக்‌ஷன் எகிறினப்ப நைட் ஷிஃப்ட்ல ஒவ்வொரு மோல்டா டெம்பரேச்சர் பார்த்தோமே, அந்த டீம். ரொம்ப நாளா பேசாம இருந்துட்டேன். நீங்க இப்ப சப்ளையர் குவாலிட்டி பார்க்குறதா கேள்விப்பட்டேன். எனக்கும் அந்தப் பக்கம் மாறலாமான்னு ஒரு யோசனை. அதுல ரெண்டு விஷயம் உங்ககிட்ட கேட்கணும், 15 நிமிஷம் போதும். சனிக்கிழமை சாயங்காலம் 5 மணிக்கோ ஞாயிறு காலைல 11 மணிக்கோ கூப்பிடட்டுமா? இப்போதைக்கு முடியலைன்னாலும் பரவாயில்லைண்ணே."

பெயரும் இடமும் முதல் இரண்டு வரிக்குள் வந்துவிடுகின்றன. பூட்டிய திரையில் மெசேஜின் தொடக்கம் மட்டும்தான் தெரியும், அதனால் அங்கே அடையாளம் இருக்க வேண்டும். ஒரு லைனில் முருகன் பெயரில் மூன்று பேர் இருந்திருக்கலாம், ஆயில் சீல் விவகாரம் இவர் யார் என்பதைக் காட்டிவிடும். நினைவூட்டும் சம்பவம் இருவரும் சேர்ந்து செய்த வேலையாக இருக்கட்டும். அவர் யாரையாவது திட்டிய நாளையோ, கம்பெனியை விட்டு அவர் போன காரணத்தையோ கிளற வேண்டாம். அன்றைக்கு "அண்ணே" என்று கூப்பிட்டிருந்தால் இன்றும் அதேதான். திடீரென்று "மதிப்பிற்குரிய ஐயா" என்றால் வேறு யாரோ எழுதிக் கொடுத்தது போலிருக்கும்.

"சும்மாதான் அண்ணே, பேசலாம்னு" என்று சொல்லி நேரம் வாங்கிவிட்டு, போனில் வேலை கேட்பது நம் ஊரில் சர்வசாதாரணம். தயக்கத்தில்தான் அப்படிச் செய்கிறோம், ஆனால் எதிரில் இருப்பவருக்கு ஏமாந்த உணர்வுதான் மிஞ்சும். விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுவது மரியாதை. அதே மெசேஜில் ரெஸ்யூமை இணைப்பதும் கூடாது. அப்போது அது பேச நேரம் கேட்டதாக இல்லாமல் விண்ணப்பமாகிவிடும், "ஹெச்.ஆருக்கு அனுப்பு" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்.

நேரம் சொல்வதிலும் கவனம் வேண்டும். "ஃப்ரீயா இருக்கும்போது சொல்லுங்க" என்றால் யோசிக்கும் வேலையை அவர் தலையில் கட்டிவிட்டீர்கள், பதிலும் தள்ளிப்போகும். இரண்டு நேரம் கொடுத்தால் ஒன்றைத் தேர்ந்தெடுத்து ஒரு சொல்லில் பதில் தரலாம். ஆலைக்காரர்களுக்கு மாதக் கடைசி நாட்கள் டெஸ்பாட்ச் நெருக்கடி, காலை வேளை மீட்டிங், ஷிஃப்ட் மாறும் நேரம் பரபரப்பு. இவற்றைத் தவிர்த்துக் கேளுங்கள். அவர் சிங்கப்பூரில் இருந்தால் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முந்தி. இங்கே இரவு 8 என்பது அங்கே பத்தரை. துபாய் என்றால் ஒன்றரை மணி நேரம் பிந்தி.

பதில் வரவில்லையா? நீல டிக் விழுந்ததை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். படித்துவிட்டு அப்புறம் பார்ப்போம் என்று மறந்திருப்பார். எட்டு, பத்து நாள் கழித்து ஒரே ஒரு தடவை, புதிய நேரம் இரண்டு கொடுத்துச் சுருக்கமாகக் கேளுங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால் நிறுத்திக்கொள்ளுங்கள். நம்பர் கொடுத்த சகாவை விட்டுத் தூண்டச் சொன்னால் அவரையும் சங்கடத்தில் மாட்டிவிடுவீர்கள்.

சரி என்றால், சொன்ன நேரத்துக்கு நீங்கள்தான் கூப்பிட வேண்டும். நல விசாரிப்புக்கு இரண்டு மூன்று நிமிடம் போதும், அப்புறம் கேள்வி. "அந்த வேலை எப்படிண்ணே?" என்றால் "நல்லாத்தான் போகுது" என்பதுதான் பதிலாக வரும். "ஐ.ஏ.டி.எஃப். 16949 இன்டர்னல் ஆடிட்டர் பயிற்சி முடிச்சுட்டு வந்தாத்தான் எடுப்பாங்களா, சேர்ந்த பிறகு முடிக்கலாமா?", "மாசத்துல எத்தனை நாள் சப்ளையர் கம்பெனிகளுக்கு அலையணும்?" என்று கேட்டால் பதிலில் சரக்கு இருக்கும். பன்னிரண்டாவது நிமிடத்தில் "அண்ணே, நான் கேட்ட நேரம் முடியப்போகுது" என்று நீங்களே சொல்லுங்கள். அவருக்கு விருப்பமிருந்தால் அவரே நீட்டிப்பார். ரெஸ்யூம் அனுப்பச் சொன்னால் அன்றைக்கே பி.டி.எஃப். ஆக அனுப்பிவிடுங்கள். சொல்லாவிட்டால் கேட்க வேண்டாம்.

அன்று இரவே நன்றி சொல்லும்போது, அவர் சொன்னதில் எதைச் செய்யப் போகிறீர்கள் என்பதையும் எழுதுங்கள். மூன்று நாலு வாரம் கழித்து "அண்ணே, நீங்க சொன்ன பயிற்சியில சேர்ந்துட்டேன்" என்று ஒரு வரி போடுங்கள். அதில் வேறெந்த உதவியும் கேட்காதீர்கள்.